பெயர் சொல்லாத நன்றி

(நமது பங்கின் பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில், சபைப் பொறுப்பாளர்கள் முன்னிலையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழாத் திருப்பலி முடிந்ததும், 22 ஆண்டுகள் நம்மிடையே உழைத்த உபதேசியார் விடைபெறுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். அன்று அவர் ஐந்து நிமிடம் நன்றி கூற வேண்டும் என்று சாமியார் கேட்டுக் கொண்டிருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். நாளை உங்களில் பலரும் இதே மேடையில் நின்று விடைபெறுவீர்கள். அப்போது இது உதவும் என்று சாமியார் நினைக்கிறார்.

போன மாதம் உபதேசியார் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "சார், நன்றி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரையும் எழுதிவிட்டேன். ஒருவரையும் விட முடியாது. நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்" என்றார். எண்ணிப் பார்த்தேன். 116 பெயர்கள். "சரி, மேடையில் வாசிப்பது போலவே வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். திரு, திருமதி, செல்வன், முன்னாள் ஊராட்சித் தலைவர் என்றெல்லாம் மரியாதையோடு வாசித்தால் ஒரு பெயருக்கு நான்கு விநாடி ஆகிறது. ஏறக்குறைய எட்டு நிமிடம் போயிற்று. ஒரு வாக்கியம்கூட இன்னும் பேசவில்லை. வாசித்து முடித்தபோது, காப்பி கொண்டு வந்த என் மனைவி, "ஏன் தம்பி, மேலத்தெருவிலே வருஷா வருஷம் குடிலுக்கு வைக்கோல் கொடுக்கிறவரை விட்டுட்டீங்களே" என்றாள். உபதேசியார் முகம் வாடிவிட்டது. அவர் பேனாவை எடுத்து எழுதுவதற்குள் அவருக்கே இன்னும் இரண்டு பேர் ஞாபகம் வந்துவிட்டார்கள்.

அவர் கஷ்டம் எனக்குப் புதிதல்ல. 1996ஆம் ஆண்டு நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது இதே தவற்றைச் செய்தேன். 41 பெயர்களை எழுதி வைத்து வாசித்தேன். நிர்வாகத்தில் தொடங்கி, ஆசிரியர்கள், எழுத்தர், பெற்றோர் கழகம் என்று வந்து, மூச்சு வாங்கியபோது, "மற்றும் பலர்" என்று சொல்லி முடித்தேன். பள்ளிக்கு 17 ஆண்டுகள் தண்ணீர் இறைத்து ஊற்றிய ஓர் அம்மா இருந்தார். பிள்ளைகளுக்கு மதியம் குடிக்கத் தண்ணீர் இருந்தது அவரால்தான். அவர் பெயர் என் பட்டியலில் இல்லை. மறுநாள் சாவியை ஒப்படைக்கப் பள்ளிக்குப் போனேன். வழக்கம் போலப் பானையை நிரப்பிக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, நேத்து கடைசியிலே பலர்னு சொன்னீங்களே, அதுலே நானும் உண்டுதானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை; உண்மையிலேயே தெரிந்து கொள்ளக் கேட்டார். "உண்டு அம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு யோசித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நான் யார் பெயரையும் சொல்லாதிருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். 41 பேரைச் சொன்னதால்தான் அவர் 42ஆவது ஆளாக வெளியே நின்றார். பட்டியல் நீளமாக நீளமாக விடுபட்டவரின் வருத்தமும் கூடுகிறது. மூன்று பேரைச் சொன்னால், 'முக்கியமான மூன்று பேர்' என்று மற்றவர்கள் சமாதானம் அடைவார்கள். 116 பேரைச் சொல்லிவிட்டு ஒருவரை விட்டால், 'இத்தனை பேரில் நான் மட்டும் இல்லையா' என்றுதான் நினைப்பார். "மற்றும் பலர்" என்ற சொல்லோ, பெயர் வராதவர்களையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

பட்டியல் என்றால் யாராவது விடுபடுவார்கள். இதற்கு நம் திருப்பலியிலேயே சான்று உண்டு. முதலாம் நற்கருணை மன்றாட்டில் தேவ அன்னையின் பெயரும், அப்போஸ்தலர்கள் பெயரும், வேதசாட்சிகள் பெயரும் வரிசையாக வருகின்றன. நூற்றாண்டுகளாக அந்த வரிசையில் புனித சூசையப்பர் பெயர் கிடையாது! 1962ஆம் ஆண்டில்தான் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அதைச் சேர்த்தார். மற்ற மூன்று மன்றாட்டுகளில் சேர்ந்தது 2013ஆம் ஆண்டில். திருக்குடும்பத்தின் தலைவருக்கே அத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது என்றால், மேலத்தெரு வைக்கோல்காரர் என்ன செய்வார்? ஆனால் அதே மன்றாட்டைக் கவனியுங்கள். பெயர்களைச் சொன்ன பின் அது உம்முடைய புனிதர் அனைவரும் என்று கதவைத் திறந்து விடுகிறது. உயிரோடிருப்பவர்களை நினைக்கும் இடத்தில் குருவானவர் கைகளைக் குவித்துச் சற்று மௌனமாக நிற்கிறார். யார் யாருக்காக வேண்ட வேண்டுமோ அவர்களை அந்த மௌனத்தில் நினைத்துக் கொள்கிறார். பிறகு அங்கே கூடியிருக்கும் எல்லாரையும் சேர்த்துக் கொள்கிறார். இந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நன்றி சொல்வதில் நமக்கு நல்ல ஆசிரியர் புனித சின்னப்பர். உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அவர் இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். உரோமையில் அவர் அதுவரை காலடி வைத்ததில்லை. அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆகையால் எழுத முடிந்தது. அப்படியும் ரூபுவின் தாயார் என்றும், ஒருவருடைய சகோதரி என்றும், அவர்களோடு இருக்கும் சகோதரர்கள் என்றும் பெயரில்லாமலே சிலரைச் சேர்த்துக் கொள்கிறார். ஆனால் எபேசு நகரிலே மூன்று ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, இனி உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று தெரிந்து, மிலேத்துவில் அந்தச் சபையின் மூப்பர்களை வரவழைத்து விடைபெறுகிறாரே, அந்தப் பேச்சில் மூப்பர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அப்போஸ்தலர் பணியின் 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வீடு வீடாகப் போனது, கண்ணீர் விட்டது, தன் கைகளாலேயே உழைத்துப் பிழைத்தது, இவற்றையெல்லாம் சொல்கிறார். முடிவில் எல்லாரும் அழுது, கப்பல் வரை கூடவே போனார்கள். என் பெயரைச் சொல்லவில்லையே என்று யாரும் கரையில் நின்றுவிடவில்லை.

நன்றி சொல்லும் முறைக்கு இதைவிடத் தெளிவான இடம் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் உண்டு. சிறையிலிருக்கும் அவருக்கு அந்தச் சபையார் உதவி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எப்படி நன்றி சொல்கிறார்? கொடுத்தவர்களை வரிசைப்படுத்தவில்லை. மக்கெதோனியாவை விட்டுப் புறப்பட்ட காலத்தில் வேறு எந்தச் சபையும் உதவாதபோது நீங்கள் உதவினீர்கள் என்கிறார். தெசலோனிக்காவில் இருந்தபோதும் ஒரு முறைக்கு மேல் அனுப்பினீர்கள் என்கிறார். இடம் தெரிகிறது, காலம் தெரிகிறது, எத்தனை தடவை என்பதும் தெரிகிறது. கொடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. அதைக் கேட்ட பிலிப்பியில், காசு போட்ட ஒவ்வொருவரும் 'அது நான்தான்' என்று அறிந்திருப்பார்கள். அந்த உதவியைச் சுமந்து வந்தவர் எப்பாப்பிரோதீத்து. அவர் ஒருவரைப் பெயர் சொல்கிறார். அவர் சபையின் சார்பாக வந்தவர் ஆனதால் அதில் யாருக்கும் குறை வராது. வேறோர் இடத்தில் கிளமெந்து என்று ஒருவரைச் சொன்னவுடனே, மற்ற உடன் உழைப்பாளர்களுடைய பெயர்கள் வாழ்வின் நூலில் இருக்கின்றன என்று எழுதிவிடுகிறார். பெயர் என் தாளில் இல்லாவிட்டாலும் வேறு இடத்தில் இருக்கிறது என்பது 'மற்றும் பலர்' என்பதைவிட எவ்வளவு மரியாதையான சொல்!

ஆகவே உபதேசியாரிடம், "செயலை நுணுக்கமாகச் சொல்லுங்கள், ஆளைத் திறந்து விடுங்கள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் உமக்கு என்ன செய்தார் என்று ஒரே வரி எழுதச் சொன்னேன். இரண்டு மாலை ஆயிற்று. 116 பெயர்களுக்கு எதிரில் 19 வகையான செயல்கள்தான் இருந்தன. கிளைக் கிராமங்களுக்கு வண்டியில் கொண்டு போய் விட்டவர்கள் மட்டும் 14 பேர். அவருடைய மனைவி நோயாய்க் கிடந்தபோது சோறு கொண்டு வந்தவர்கள் 23 பேர். இந்தச் செயலைச் சொன்னால் அந்த 23 பேரும் வந்துவிடுவார்கள். அவர் மறந்துபோன 24ஆவது ஆளும் வந்துவிடுவார். பட்டியலால் செய்ய முடியாதது இதுதான்.

அடுத்து வரிசை. பதவி வரிசையில் போனால் யாராவது கடைசியில்தான் வருவார்கள். கொடுத்த தொகை வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகையால் ஒரு நாளின் வரிசையை எடுத்துக் கொண்டோம். விடியற்காலை மணியில் தொடங்கி இரவில் கதவடைப்பது வரை. காலைக்கும் மாலைக்கும் இடையில் பெரியவர் சின்னவர் என்று ஒன்றுமில்லை. கேட்கிறவர்களுக்கும் அடுத்து என்ன வரும் என்று மனதில் ஒரு வழி இருக்கும்.

சொற்களில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. உபதேசியார் முதலில், "உங்களில் சிலர் எனக்குச் சோறு கொடுத்தீர்கள்" என்று எழுதியிருந்தார். 'சிலர்' என்றவுடன் மற்றவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். "உங்களில் ஒருவர்" என்று மாற்றினார். அது இன்னும் மோசம். கூட்டம் முழுவதும் தலையைத் திருப்பி, யார் அந்த ஒருவர் என்று தேடத் தொடங்கிவிடும். "யாராவது ஒருவர் வந்தீர்கள்" என்று சொன்னால் போதும். தேடுவதற்கு ஆள் இல்லை. வந்தவருக்கு மட்டும் தாம் வந்தது தெரியும். அதேபோல 'அவர்கள்' என்று படர்க்கையில் சொல்லாமல் 'நீங்கள்' என்று முன்னிலையில் சொல்ல வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவரை 'அவர்கள்' என்றால் அவர் யாரையோ சொல்கிறார் என்று பேசாமல் இருந்துவிடுவார்.

இரண்டு இடங்களில் தடுக்கினோம். நுணுக்கமாகச் சொல்லப் போய், "கோவில் ஒலிபெருக்கியை இரண்டு தடவை இலவசமாகச் சரி செய்தீர்கள்" என்று எழுதினார். நம் பங்கில் அதைச் செய்தவர் ஒருவர்தான். அது பெயர் சொன்னது போலத்தான். ஒரே ஆளுக்குப் பொருந்தும் அடையாளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும்: "பழுதானதைக் கூலி கேட்காமல் சரி செய்தீர்கள்." இதில் மின்சாரம் பார்ப்பவரும், தச்சரும், கொத்தனாரும், கிழிந்த பீடத் துணியைத் தைத்தவரும் அடங்குவார்கள். ஆனால் அகலமாக்குகிறேன் என்று, "எல்லா வகையிலும் உதவிய எல்லாருக்கும்" என்று எழுதினால் அதில் யாரும் தம்மைக் காண மாட்டார்கள். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டார். வாக்கியத்தைக் கேட்கும்போது ஐந்தாறு முகங்களாவது மனக்கண்ணில் வர வேண்டும். ஒரே முகம் வந்தாலும் தவறு, ஒன்றும் வராவிட்டாலும் தவறு என்றேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் அனுமதியோடு, எழுதி முடித்ததில் ஒரு பகுதியை வாசிக்கிறேன்:

"காலை ஐந்து மணிக்கு நான் மணியடிக்க வரும்போது எனக்கு முன்பே யாராவது வாசலைப் பெருக்கியிருப்பீர்கள். இருட்டில் முகம் தெரிந்ததில்லை. துடைப்பச் சத்தம்தான் கேட்டிருக்கிறேன். ஞாயிறு மதியங்களில் நான் கிளைக் கிராமத்துக்குப் போக வேண்டுமென்று சாலையில் நின்றால், பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. யாராவது வண்டியை நிறுத்தி ஏற்றிக் கொண்டீர்கள். என் மனைவி ஏழு மாதம் படுக்கையில் இருந்தாள். அந்த ஏழு மாதமும் என் வீட்டுத் திண்ணையில் மூடி வைத்த தூக்குப் பாத்திரம் இருந்தது. சில பாத்திரங்களை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக் கொள்ளுங்கள். 2020இல் கோவில் அடைத்துக் கிடந்த மாதங்களில், சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டீர்கள். நான் தவறு செய்தபோது என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. கொடுக்க ஒன்றுமில்லாத நாளிலும் என்னை வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்காரச் சொன்னீர்கள். மாலையில் என்னிடம் செபம் படிக்க வந்த சிறுவர்களே, இன்று உங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொண்டு நிற்கிறீர்கள். இரவு கதவடைத்த பிறகு, நோயாளிக்குச் சாமியாரைக் கூப்பிட நீங்கள் என்னை எழுப்பினீர்கள். என்னை ஓர் ஆளாக மதித்து எழுப்பியதற்கும் நன்றி."

கொடுக்க ஒன்றுமில்லாத நாள் என்ற வாக்கியத்தை அவரே சேர்த்தார். சோறும் வண்டியும் காசும் மட்டும் பேசினால், ஒன்றும் கொடுக்க இயலாத ஏழை வீடுகள் வெளியே நிற்கும் என்றார். அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது, 22 ஆண்டுகள் வீடு வீடாகப் போனவரல்லவா.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க நான்கு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். ஒரு பீடச் சிறுவன், காலனித் தெருவிலிருந்து ஒரு பாட்டி, போன ஆண்டுதான் இங்கே குடிவந்த ஒருவர், கோவிலுக்குப் பூக்கட்டித் தரும் இந்து சகோதரர். "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஒரே கேள்விதான். பாட்டி உடனே, "தூக்குப் பாத்திரத்திலே" என்றார். அவருடைய பாத்திரத்தையும் அன்றே திருப்பி வாங்கிக் கொண்டார். பீடச் சிறுவன் செபம் படித்தவர்களில் தன்னைக் கண்டான். புதிதாக வந்தவர் தயங்கி, "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்றார். அவரும் நன்றி பெற வேண்டிய அவசியமில்லை என்று சொல்லலாம். ஆனால் அன்று அவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாரே! "நேற்று வந்தவர்களாயினும் என்னைக் கண்டு சிரித்தீர்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். பூக்காரர், "இது எல்லாம் உங்கள் ஆட்களுக்கு அல்லவா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால், எந்த வரியிலும் வேறு மதத்தார் இல்லை. "நம் கோவிலில் மண்டியிடாதவர்களாயினும் நம் திருவிழாவை உங்கள் திருவிழாவாகச் செய்தீர்கள்" என்பது அவரால் வந்தது. பூ, பந்தல், மேளம், தேர் வடம், எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

பெயர் சொல்ல வேண்டிய இடம் அறவே இல்லையா என்று கேட்பீர்கள். மேதகு ஆயரையும் பங்குத் தந்தையையும் பதவியால் விளிக்கலாம், அது பட்டியலாகாது. இறந்தவர்களைப் பற்றித்தான் உபதேசியார் மிகவும் வருந்தினார். அவருடைய நோட்டில் 30 பேர் இறந்தவர்கள். இவர்களைச் சொல்லாமல் எப்படிப் போவேன் என்றார். இங்கேதான் அந்தத் திருப்பலி மௌனத்தை எடுத்துக் கொண்டோம். "இன்று இங்கே இருக்க வேண்டியவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களை நான் நினைக்கிறேன்; நீங்களும் உங்கள் வீட்டாரை நினைத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லும் நேரம் அவர் நிற்பார். மேடையில் அவ்வளவு நேரம் நிற்பது கடினம். பேச்சு மறந்துவிட்டதோ என்று ஒலிபெருக்கிக்காரர் பாட்டைப் போட்டுவிடுவார். ஆகவே அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் அந்த மௌனத்தில் தன் பெயர்களைத் தானே இட்டுக் கொள்ளும்.

இந்த முறையால் முடியாததும் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஒருவர் பெரிய தியாகம் செய்திருந்தால், அவருக்குப் பொதுவான வாக்கியம் போதாது. உபதேசியாருக்கு அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாகப் பெயர் சொல்லி நன்றி கூறத்தான் வேண்டும். மேடையில் அல்ல, அவர்கள் வீட்டில். ஆகையால் நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்க வேண்டாம் என்றேன். பொன்விழாவுக்கு முன் மாலை நேரங்களில் ஒவ்வொரு வீடாகப் போய் வருகிறார். போன வீட்டுக்கு எதிரில் சிறு சிலுவை போட்டுக் கொள்கிறார். இறந்தவர் பெயருக்கு அவர் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார். நோட்டில் இல்லாதவர் வழியில் எதிர்ப்பட்டால் பெயரைச் சேர்த்துக் கொள்கிறார். நேற்று வரை 52 சிலுவைகள் விழுந்திருக்கின்றன. மேலத்தெரு வைக்கோல்காரர் வீட்டுக்கு இன்று சாயந்திரம் போவதாகச் சொன்னார்; அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை.